அப்பா போட்ட போர், சித்தப்பாவின் கிணறு: ஒரு சட்டப் படிப்பு விண்ணப்பக் கட்டுரையின் கதை

அமெரிக்காவில் சட்டம் படிக்க ஜே.டி. என்று மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், பி.காம். ஆனாலும் சரி, பி.எஸ்சி. ஆனாலும் சரி. எல்சாட் தேர்வு மதிப்பெண், கல்லூரி மார்க் ஷீட், பரிந்துரைக் கடிதங்கள், ரெஸ்யூமே, இதோடு பெர்சனல் ஸ்டேட்மென்ட் என்று ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது வரிக்கு வரி இடைவெளி விட்டு இரண்டு பக்கம், அதாவது அறுநூறு எழுநூறு வார்த்தைக்குள். நான் வேலூரில் வக்கீல். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் இந்த மாதிரிக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் ஒன்று எப்படி மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன், எழுதியவரின் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல்.

அந்தப் பெண் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். வேலூரில் பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கொண்டுவந்த கட்டுரையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து ஆரம்பித்து, என்.எஸ்.எஸ். முகாம், பேச்சுப் போட்டியில் கோப்பை, ரத்ததான முகாம் ஒருங்கிணைப்பு, கம்பெனியில் கிடைத்த பாராட்டுக் கடிதம் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. நடுவில் ஒரு வரி, சின்ன வயதிலிருந்தே நீதியின் மேல் தனக்குத் தீராத ஆர்வம் என்று. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் இதெல்லாம் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது, அதே விண்ணப்பத்தில் இன்னொரு தாளில். படிக்கிறவர் ஒரே விஷயத்தை இரண்டாம் முறை படிக்கிறார், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கோப்பை, மதிப்பெண், பாராட்டுக் கடிதம் எல்லாமே வேறு யாரோ இவளை எடை போட்டதன் முடிவு. இவள் எதையாவது எடை போட்டதற்கு அந்தக் கட்டுரையில் சாட்சியே இல்லை. சட்டப் படிப்புக்கு ஆள் எடுக்கிறவர் தேடுவது அதைத்தான்.

ஒரே ஒரு தகராறை எடுத்து, அதற்குள் நீ எப்படி யோசித்தாய் என்று எழுது என்றேன். அடுத்த வாரம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கோடு வந்தாள். வேலூர்க்காரர்கள் எல்லாரும் முதலில் போய் நிற்கிற இடம் அது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை, இரண்டையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லாரும் நம் ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது அதனால்தான். பாலாற்றங்கரையிலிருந்து வருகிற பெண் அதை எழுதினால் பொருத்தமாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால் அதில் இருக்கிற யோசனை நீதிபதிகளுடையது. இவள் அதைச் சுருக்கித் தரலாம், பாராட்டலாம், கொஞ்சம் வருத்தப்படலாம். "நீயா முடிவு பண்ண வேண்டிய இடம் இதுல எங்கம்மா இருக்கு?" என்றேன். இல்லை.

அப்புறம் நான் வேறு மாதிரி கேட்டேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கேன்னு உன்னைத் தூங்க விடாம பண்ண விஷயம் ஏதாவது உண்டா, பெருசா இருக்கணும்னு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா போர் போட்டதைச் சொல்லலாமா அக்கா? ஆனா அதுல எங்க அப்பா மேலதான் சித்தப்பாவுக்குக் கோபம். அந்தப் போர் தண்ணியில விளைஞ்ச காசுலதான் நான் படிச்சேன்" என்றாள். இதுதான் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தகராறில் அவளுக்குப் பங்கு இருக்கிறது, லாபமும் இருக்கிறது. தன் லாபத்துக்கு எதிராக அவள் நேர்மையாக யோசிக்கிறாளா என்று வாசிப்பவர் பார்க்க முடியும்.

விவகாரம் இதுதான். தாத்தாவுக்கு ஆறு ஏக்கர், ஒரே கிணறு. 2004-ல் மூன்று மகன்களுக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. ஆளுக்கு இரண்டு ஏக்கர். கிணறு நடு மகன் பாகத்துக்குள் விழுந்தது, ஆனால் கிணறு, மோட்டார், மின் இணைப்பு, வாய்க்கால் எல்லாவற்றிலும் மூன்று பேருக்கும் சம பாத்தியம். மூன்று நாளுக்கு ஒரு முறை. இன்று ஒருவர் இறைத்தால் நாளை அடுத்தவர். நம் பக்கத்தில் பத்துக் குடும்பத்தில் நாலு குடும்பத்தில் இப்படித்தான் இருக்கும், புதுசு ஒன்றுமில்லை. இவளுடைய அப்பா மூத்தவர். நடுவிலவர் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். கடைசிச் சித்தப்பா முழு நேர விவசாயி, அவருக்கு அந்தக் கிணறு தவிர வேறு தண்ணீர் கிடையாது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இயல்பைவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. அந்த மார்ச்சில் இவள் அப்பா வாழையைக் காப்பாற்ற முடியாமல் தன் சொந்த நிலத்தில் ஐந்நூற்றைம்பது அடிக்குப் போர் போட்டார். கிணற்றிலிருந்து தொண்ணூறு அடி தூரம். கடன் வாங்கிப் பணம் கட்டித் தனி மின் இணைப்பும் எடுத்தார். கிணறு அறுபது அடி ஆழம். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் கிணற்றில் தண்ணீர் சீக்கிரம் அடிக்குப் போக ஆரம்பித்தது. என் முறை நாளில் ரெண்டு மணி நேரம்கூட மோட்டார் ஓடுறதில்லை, அண்ணன் கீழே இருந்து உறிஞ்சுறார் என்று சித்தப்பா சொன்னார். மழை இல்லாததற்கு நான் என்ன செய்வேன் என்று அப்பா சொன்னார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட ஆள் மூலமாகத்தான் போனது.

இதை அவள் முதல் தடவை எழுதிக்கொண்டு வந்தபோது அது ஒரு சமாதானக் கதையாக இருந்தது. பாதி இடத்தைக் கிணற்று வர்ணனை பிடித்துக்கொண்டது. தாத்தா, கவலை பூட்டித் தண்ணீர் இறைத்த மாடு, வேப்ப மரம். கடைசியில் இவள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினாள், அவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், ஆனால் அதுவும் சாதனைப் பட்டியல்தான், ஒரே சாதனை உள்ள பட்டியல். எதைச் சொல்லிச் சேர்த்து வைத்தாய், அதை ஏன் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், எதை நீ ஒதுக்கினாய் என்பது எங்குமே இல்லை. அதைக் கேட்டபோதுதான், எழுதாமல் விட்ட பகுதி வெளியே வந்தது. சொல்லப்போனால் அதுதான் கட்டுரையே.

2022 மே மாதம் அவள் ஊரில் இருந்தாள். அதற்கு முந்தின நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம் அது, சுற்று வட்டாரக் கிணறெல்லாம் நிரம்பியிருந்தது. அப்படியும் இவர்கள் கிணறு சித்திரையிலேயே இறங்கியது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கிணறு அவ்வளவு இறங்கவில்லை. அப்பா ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த "மழை இல்லை" என்ற காரணம் அந்த வருடம் செல்லவில்லை. ஆனால் இவள் உடனே சித்தப்பா பக்கம் சாயவும் இல்லை. ஒரு கிணற்றில் தண்ணீர் நிற்பதும் இன்னொன்றில் இறங்குவதும் பாறை வாட்டத்தாலும் இருக்கலாம்; நம் ஊர்க் கல்லுப்பூமியில் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகத்தான் வரும், ஐம்பது அடி தள்ளித் தோண்டினால் புகை பறக்கும். அதனால் இதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் போட்ட திட்டம், ஒரு வாரம் போரை நிறுத்துவது, அடுத்த வாரம் ஓட்டுவது, தினமும் காலையில் கயிறு விட்டுக் கிணற்றில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளப்பது. இதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "கோடையில தண்ணி தினமும் தன்னால இறங்கிக்கிட்டே இருக்கும்மா. முதல் வாரம் நிறுத்தி ரெண்டாவது வாரம் ஓட்டினா, ரெண்டாவது வாரம் எப்படியும் கம்மியாத்தான் காட்டும். உங்க அப்பா அதைச் சொல்லியே தட்டிக் கழிப்பாரு. ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி பண்ணு" என்றார். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கே ஆச்சரியம். தனக்குச் சாதகமாக விழக்கூடிய பிழையை அவரே திருத்தியிருக்கிறார், எதிராளி நாளைக்கு என்ன சொல்வான் என்று யோசித்து. இருபது வருடம் கோர்ட்டில் நிற்கிற சிலருக்கு இந்தப் பழக்கம் வந்ததில்லை.

அப்பாவிடம் அவள் கேட்டது வேறு. முடிவு எப்படி வந்தாலும் ஒத்துக்கொள்வீர்களா என்று அளப்பதற்கு முன்பே கேட்டாள். அளந்த பிறகு கேட்டிருந்தால் தோற்றவர் கயிற்றைக் குறை சொல்லியிருப்பார். பத்து இரவு. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை கிணற்று மோட்டாரை யாரும் தொடக் கூடாது. போர் ஒரு இரவு ஓடும், ஒரு இரவு நிற்கும். ஒரு இரவு கோடை மழை கொட்டியது, அந்த அளவை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற இரவுகளில், போர் நின்றபோது கிணறு சுமார் ஐந்து அடி ஊறியது, ஓடியபோது சுமார் மூன்று அடி.

இதில் அவள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. போர்தான் காரணம் என்று அவள் எழுதவில்லை. போர் ஓடினாலும் மூன்று அடி ஊறத்தான் செய்தது. ஆக, சித்தப்பா சொன்ன அளவு நஷ்டம் போரால் மட்டும் வந்தது இல்லை. அப்பா சொன்ன மாதிரி போருக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் இல்லை. இரண்டு பேருமே பாதி சரி என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் அது வழவழப்பு. பாதிப்பு நடக்கிற நேரம் எது என்று அவள் பார்த்தாள். சித்தப்பாவின் முறை நாளுக்கு முந்தின இரவு. அந்த இரவில் ஊறுகிற தண்ணீரைத்தான் அவர் மறுநாள் இறைக்கிறார். மீதி விவாதம் முழுக்க இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது, பாதிப்பு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் அது தப்பா? இங்கே நான் வக்கீலாகக் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். சட்டம் ஏறக்குறைய அப்பா பக்கம். 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: தெளிவான ஒரு கால்வழியாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது ஒவ்வொரு நில உடைமையாளரின் உரிமை. இதன் வேர் இங்கிலாந்தில். 1843-ல் ஆக்டன் எதிர் பிளன்டெல் என்ற வழக்கில், ஒருவர் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீரை இறைத்ததால் ஒரு பஞ்சாலையின் கிணறு வற்றிப்போனது. ஆலைக்காரர் வழக்குப் போட்டுத் தோற்றார். நிலத்துக்கடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்றின் மேல் எப்படி உரிமை கொண்டாடுவது என்பது அந்தக் காலத்து நியாயங்களில் ஒன்று. நம் மாநிலத்தில் நிலத்தடி நீருக்கென்று 2003-ல் ஒரு சட்டம் வந்தது, 2013-ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே 2017-ல் "என் நிலம், என் போர்" என்று அப்பா சொன்னது வெறும் வீம்பு இல்லை.

அவளுக்கு இதை நான் விளக்கினேன். அவள் உடனே கட்டுரையில் பிரிவு எண்ணையும் ஆக்டன் வழக்கையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். எடுக்கச் சொல்லிவிட்டேன். ஜே.டி.க்குப் போகிறவரிடம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் மூன்று வருடம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிவு எண் வந்த இடத்தில் அவள் யோசிப்பது நின்றுவிட்டது என்பதையும் கவனித்தேன். சட்டம் அப்பா பக்கம், ஆகவே முடிந்தது என்கிற தொனி வந்துவிட்டது. கடைசியில் ஒரே வாக்கியம் தங்கியது, சட்டம் பெரும்பாலும் அப்பாவுக்குச் சாதகம் என்று ஒரு வக்கீல் சொன்னார், ஆனால் சித்தப்பாவின் குறை அதோடு தீரவில்லை என்று.

ஏன் தீரவில்லை? அவளுடைய பதில் கட்டுரையின் நடுப்பகுதி. அதைத் தமிழில் தருகிறேன்:

"ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர் போர் போட்டுக் கிணறு வற்றியிருந்தால் சித்தப்பா வருத்தப்பட்டிருப்பார், ஆனால் ஏமாந்ததாக நினைத்திருக்க மாட்டார். அப்பா மேல் அவருக்கு வந்தது வேறு வகைக் கோபம். அந்தப் பக்கத்துக்காரர் சித்தப்பாவுக்கு எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. அப்பா கொடுத்திருக்கிறார். ஒன்றை மூன்றாகப் பிரித்துக் கையெழுத்துப் போட்டவர், பிரித்த பொருளையே வேறு வழியாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி."

கொடுத்ததைக் கொடுத்தவரே குலைக்கக் கூடாது என்று ஆங்கிலேய நிலச் சட்டத்தில் பழைய கோட்பாடு ஒன்று உண்டு. விற்பனை, குத்தகை போன்றவற்றில் அது வரும், பாகப்பிரிவினைக்கு அப்படியே பொருந்துமா என்று கோர்ட்டில் நாள் முழுக்க வாதாடலாம். அந்தப் பெயர் எதுவும் தெரியாமல், பக்கத்துக்காரரை வைத்துப் பார்த்து, என்ன வித்தியாசம் என்று கேட்டு, அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரே ஒரு அம்சத்தை மாற்றி, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது. சட்ட வகுப்பில் பேராசிரியர் செய்வதும் இதையேதான், கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார். கட்டுரையில் இந்த ஒரு பத்தி, ரத்ததான முகாமைவிட நூறு மடங்கு அவளைப் பற்றிச் சொல்கிறது.

அவள் அதோடு நிற்கவுமில்லை. அப்பாவின் வலுவான பதிலை அவளே எழுப்பினாள். அப்படியென்றால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் சாகிற வரை எந்தத் தோண்டலும் செய்யக் கூடாதா? கிணறு முழுக்க வற்றிப்போனால் மூன்று பேரும் சேர்ந்து காய வேண்டுமா? 2004-ல் பத்திரம் எழுதியபோது போரைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பேசாத ஒன்றை இப்போது தடை என்று படிப்பது அப்பாவுக்கு அநியாயம். இதை ஏற்றுக்கொண்டு அவள் தன் விதியைக் குறுக்கினாள். போர் போடலாம், ஓட்டலாம். அடுத்தவர் முறை நாளுக்கு முந்தின இரவு மட்டும் ஓட்டக் கூடாது. பகலில் ஓட்டினாலும் கிணறு கொஞ்சம் இறங்கக்கூடும்தான், ஆனால் அதை அவர்கள் அளக்கவில்லை. அளக்காததற்கு அப்பாவைக் கட்டுப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை. கையிலிருந்த சாட்சி எதுவரை போனதோ அதுவரைதான் விதியும் போனது.

நடு சித்தப்பா புகாரே சொல்லவில்லை. அவர் குத்தகைக்காரர் நிலக்கடலை மட்டும் போடுகிறார், அவருக்குத் தண்ணீர் போதும். அவருடைய முறைக்கு முந்தின இரவும் போரை நிறுத்த வேண்டுமா? அப்பா கேட்டது இதைத்தான், மூன்று இரவில் இரண்டு இரவு நிறுத்தினால் நான் எதுக்கு லட்சக்கணக்கில் போட்டேன் என்று. இவள் நிறுத்த வேண்டும் என்றுதான் சொன்னாள். விதி வந்தது சித்தப்பாவின் கோபத்திலிருந்து இல்லை, மூன்று பேர் கையெழுத்திலிருந்து. சத்தம் போடுகிறவருக்கு மட்டும் ஒரு விதி என்றால் அது விதியே இல்லை. எனக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது. நானாக இருந்தால் நடுவிலவரைக் கேட்டு, அவருக்குத் தேவைப்படாத வருடங்களில் அந்த இரவை அப்பாவுக்கு விட்டுத்தரச் சொல்லியிருப்பேன். அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் மாற்றவில்லை, நானும் விட்டுவிட்டேன். அது அவள் கட்டுரை.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை வைத்தேன். தகராறைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் இதைச் சொல்வேன்: எதிர்த்தரப்பு வாதத்தை நீ எழுதியிருப்பதை அந்த எதிர்த்தரப்பிடமே படித்துக் காட்டு. ஆமா, நான் சொன்னது இதுதான் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் எதிராளியின் வாதத்தை அடிக்க வசதியாக மெலிதாக்கித்தான் எழுதுவார்கள், வேண்டுமென்று இல்லை, தானாக வந்துவிடும். அவள் சித்தப்பாவுக்கு போன் போட்டு அவர் பக்கத்தை வரிக்கு வரி சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, எல்லாம் சரிதான், ஆனா 2012-ல கிணறு ஆழப்படுத்தினதை எழுதலையா என்றார். அவளுக்கு அது தெரியவே தெரியாது. அந்த வருடம் மூன்று பேரும் சமமாகக் காசு போட்டுக் கிணற்றைப் பதினைந்து அடி வெட்டி, உள்ளே சைடு போரும் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா தன் பங்குக்கு மனைவியின் நகையை அடகு வைத்திருக்கிறார்.

இந்தத் தகவலை ஒரு வரியாக நடுவில் சொருகிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை, ஏனென்றால் அது வாதத்தின் அடித்தளத்தையே நகர்த்தியது. 2004 பத்திரத்தில் போரைப் பற்றிப் பேச்சில்லை, ஆகவே தடையும் இல்லை என்று அப்பா சொல்ல முடிந்தது. 2012 விஷயம் வேறு. தண்ணீர் குறைகிறது என்று தெரிந்த பிறகு, என்ன செய்வது என்று மூன்று பேரும் கூடிப் பேசி, அவரவர் தனியாகப் போர் போடுவதற்குப் பதிலாக, இந்த ஒரு கிணற்றிலேயே காசைப் போடுவோம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஒருவர் சொல்லை நம்பி இன்னொருவர் நகையை வைத்திருக்கிறார். ஐந்து வருடத்தில் அப்பா தனியாகப் போனது, பழைய பத்திரத்தைவிட இந்தப் புது ஒப்புதலுக்குத்தான் அதிகம் மாறானது. எழுத்தில் இல்லாத ஒப்புதல், ஆனால் காசு கைமாறிய ஒப்புதல். ஆக, கட்டுரையின் நடுப்பகுதியை அவள் மறுபடி எழுதினாள். முன்பு எடுத்த நிலை ஏன் போதாது என்று கட்டுரைக்குள்ளேயே காட்டினாள்: பத்திரத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோது எனக்கு அப்பா பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் தெரிந்தது, இந்தத் தகவல் வந்த பிறகு தெரியவில்லை, காரணம் இது. முடிவு அதேதான், இரவு நிறுத்தம். ஆனால் அதைத் தாங்குகிற காரணம் மாறி, உறுதியாகிவிட்டது.

இரண்டு பக்கத்துக்குள் இதை அடக்குவதுதான் பெரிய பாடு. தாத்தா, மாடு, வேப்ப மரம் மூன்றும் போயின. குடும்பம், கிணறு, போர், தூரம் எல்லாம் சேர்த்து முதல் பத்தியில் நூறு வார்த்தை. சோதனைக்கு நூற்றைம்பது. பக்கத்துக்காரர், பத்திரம், அப்பாவின் பதில், 2012, இதற்கெல்லாம் பாதிக் கட்டுரை போனது, போகவும் வேண்டும். கல்யாணப் பத்திரிகை விஷயம் அழகாக இருந்தது, ஆனால் எடுத்துவிட்டோம், அது எதையும் நிரூபிக்கவில்லை. ரத்ததான முகாம் ரெஸ்யூமேயில் பத்திரமாக இருக்கிறது. அமெரிக்காவில் வாசிக்கிறவருக்கு முறைத் தண்ணீர் என்றால் தெரியாது என்பதால் அதை விளக்க இரண்டு வரி எடுத்தாள். மின்வாரியத்தின் விவசாய இணைப்பு விதிகளை விளக்கவே இல்லை. அது தெரியாமலே வாதம் புரியும்.

கடைசிப் பத்தியில் வழக்கமாக ஒரு முழக்கம் வரும், தண்ணீர் நீதிக்காகப் போராடுவேன் என்கிற மாதிரி. அவளும் எழுதிப் பார்த்தாள். அதற்குப் பதிலாகத் தன்னால் விடை சொல்ல முடியாத ஒன்றை அங்கே வைத்தாள். நடு சித்தப்பா நிலத்தை விற்கப் பார்க்கிறார். வாங்குகிற வெளியாள் 2012-ல் யாரையும் நம்ப வைக்கவும் இல்லை, யாரையும் நம்பவும் இல்லை. அவர் போர் போட்டால் அவரையும் இந்த இரவு விதி கட்டுப்படுத்துமா? என் காரணம் இந்த மூன்று பேரோடு நின்றுவிடுகிறது, நிலத்தோடு சேர்ந்து போகிற கடமை என்று ஒன்று எப்போது உருவாகிறது என்பது எனக்குத் தெரியவில்லை, அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று முடித்தாள். ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை.

இவர்கள் ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று சிலர் கேட்பார்கள். போயிருந்தால் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு உரிமையியல் வழக்கு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 26-ஆம் கட்டளை 9-ஆம் விதிப்படி வக்கீல் கமிஷனர் ஒருவர் வந்து, கிணற்றுக்கும் போருக்கும் தூரம் அளந்து, ஆழம் பார்த்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். பெரும்பாலும் அவர் வருவது ஒரு நாள் பகலில். ராத்திரி எவ்வளவு ஊறுகிறது என்பது அந்த அறிக்கையில் வராது, யாராவது குறிப்பாக மனுப் போட்டுக் கேட்டாலொழிய. அந்தப் பத்து இரவுக் கணக்கு கோர்ட்டில் கிடைப்பது கடினம்.

ஒரு கல்லூரி அவளை வீடியோவில் நேர்காணல் செய்தது. கேட்ட முதல் கேள்வியே அந்தக் கடைசிப் பத்தியிலிருந்து: நிலத்தை வாங்குபவர் உன் தகப்பனாராகவே இருந்தால்? அப்போது கிணற்றில் மூன்றில் இரண்டு பங்கு அப்பாவுக்கு வந்துவிடும், நிறுத்த வேண்டிய இரவு ஒன்றாகக் குறையும், ஆனால் அந்த ஒரு இரவின் கடமை அப்படியே இருக்கும், ஏனென்றால் அது சித்தப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று பதில் சொன்னாளாம். சரியான பதில் என்றுதான் நினைக்கிறேன்.

அதைச் சொல்லிவிட்டு அவளே என்னிடம் கேட்டாள், போரை இரவில் நிறுத்துவது பற்றி வீட்டில் எழுதி வைத்த ஒப்பந்தம் செல்லுமா அக்கா என்று. இருபது ரூபாய் பத்திரத்தில் மூன்று பேர் கையெழுத்து, பதிவு செய்யவில்லை. நிலத்தின் மேல் உரிமையையோ கட்டுப்பாட்டையோ உண்டாக்குகிற ஆவணம் என்று அதை யாராவது படித்தால், பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். நடுவிலவர் விற்பதற்கு முன்னாலேயே மூன்று பேரும் சேர்ந்து போய் அதைப் பதிவு செய்துவிடச் சொல்லியிருக்கிறேன். அப்பா சரி என்றார். சித்தப்பா அதில் நடு அண்ணனின் இரவையும் தெளிவாக எழுதச் சொல்கிறார், அதற்கு அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.